இன்டர்வியூ மெயில் ப்ரொமோஷன்ஸ் டேபுக்குள் போயிடுச்சு, இனிமே அங்க போகாம இருக்க என்ன வழி?

கயல்_மதுரை: வேலைக்கு விண்ணப்பிச்ச ஒரு கம்பெனி, இன்டர்வியூ நேரத்தை உறுதி செய்யச் சொல்லி மெயில் அனுப்பியிருக்காங்க. ஜிமெயில் ஆப்ல அது ப்ரொமோஷன்ஸ் டேப்ல, துணிக்கடை தள்ளுபடிகளுக்கு நடுவுல கிடந்தது. போன்ல சத்தமே வரலை. ஸ்பாம்ல மட்டும்தான் தினமும் பார்த்துட்டிருந்தேன். இது மாதிரி வேற ஏதாவது ஒளிஞ்சிருக்கா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செல்வம்: 30 நாள்ல தானா அழிஞ்சிடும், சீக்கிரம் தேடுங்க. அனுப்பினவங்க முகவரியை கான்டாக்ட்ல சேர்த்துட்டா போதும்.

பழைய_அட்மின்: 30 நாள் கணக்கு ஸ்பாமுக்கும் டிராஷுக்கும்தான் செல்வம். ப்ரொமோஷன்ஸ் இன்பாக்ஸோட ஒரு பகுதி, அங்க இருக்கிறது அப்படியே இருக்கும். சத்தம் வராததுக்குக் காரணம், டேப் வெச்சிருந்தா வழக்கமா ப்ரைமரிக்கு மட்டும்தான் நோட்டிஃபிகேஷன் வரும்.

கயல், தேடுற பெட்டியில இதைப் போடுங்க:

```
category:promotions interview newer_than:60d
```

அப்புறம் `promotions` இருக்கிற இடத்துல `updates` போட்டு இன்னொரு தடவை. விண்ணப்பம் கிடைச்சுதுன்னு தானா வர்ற மெயில் பெரும்பாலும் அங்கதான் போகும்.

இனி அங்க போகாம இருக்க ஃபில்டர்தான் நல்லது. மெயிலை இழுத்து ப்ரைமரில போட்டா அந்த ஒரு முகவரிக்குத்தான் பலன். கான்டாக்ட்ல சேர்க்கிறதும் அப்படித்தான். ஆள் எடுக்கிற மென்பொருள் வழியா வர்ற மெயிலுக்கு அடுத்த தடவை முகவரியோட முன்பாதி மாறியிருக்கலாம். அதனால `@`க்குப் பின்னாடி இருக்கிறதை மட்டும் From கட்டத்துல கொடுத்து, அடுத்த பக்கத்துல Categorize as என்பதுல ப்ரைமரியைத் தேர்ந்தெடுங்க. போன் ஆப்ல ஃபில்டர் போட முடியாது, கம்ப்யூட்டர் பிரவுசர் வேணும்.

மீனா_அக்கா: எனக்கு பேங்க் ஓடிபி எப்பவுமே லேட்டா வருது. இந்த ஃபில்டர் போட்டா சீக்கிரம் வருமா?

பழைய_அட்மின்: வராதுங்க அக்கா. ஃபில்டர், வந்து சேர்ந்த மெயிலை எங்க வைக்கணும்னு மட்டும்தான் சொல்லும்.

ரஃபீக்: நான் தண்டர்பேர்டுல பார்க்கிறேன். அங்க டேபே கிடையாது, எல்லாம் ஒரே இன்பாக்ஸ்ல வரிசையா நிக்கும். கயல், வேலை தேடுற வரைக்கும் செட்டிங்ஸ்ல போய் ப்ரொமோஷன்ஸ், அப்டேட்ஸ் டிக்கை எடுத்துவிடலாமே?

கயல்_மதுரை: அண்ணன் லேப்டாப்ல ஃபில்டர் போட்டுட்டேன். அப்டேட்ஸ்ல தேடினதுல இன்னொரு கம்பெனியோட ஆன்லைன் டெஸ்ட் லிங்க்கும் கிடைச்சது, நல்லவேளை கடைசித் தேதி இன்னும் தாண்டலை. ரஃபீக் அண்ணா, டிக்கை எடுத்தா தள்ளுபடி மெயில் எல்லாத்துக்கும் போன் கத்துமே, அதான் யோசிக்கிறேன். ஒண்ணு மட்டும் புரியலை. இதே முகவரியில இருந்து வந்த முதல் மெயில் ப்ரைமரிக்கு வந்துச்சே?

பழைய_அட்மின்: அனுப்புநரோட, உள்ளே இருக்கிறதையும் அந்த மாதிரி மெயிலை மக்கள் எப்படிக் கையாளுறாங்கன்னும் சேர்த்துத்தான் பிரிக்குது. ரெண்டாவதுல பேனர், பட்டன்னு ஏதாவது இருந்துதா?

கயல்_மதுரை: ரெண்டுலயும் அதே லோகோ, அதே பட்டன்தான்.

பழைய_அட்மின்: அப்போ எனக்கும் பிடிபடலை.