கலைச்சொல்: ஆள் உள்ளே நடந்து சுழற்றும் பாரந்தூக்கிச் சக்கரம்

மலர்விழி:
இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில், 1490களில் எழுந்த பெல் ஹாரி கோபுரத்துக்குள், கூரை வளைவுக்கு மேலே பெரிய மரச்சக்கரம் ஒன்று இன்றும் நிற்கிறது. ஆட்கள் அதனுள்ளே நடந்துதான் கற்களை மேலே ஏற்றினார்கள். மொழிபெயர்ப்பில் இதை ‘மிதிசக்கரம்’ என்று எழுதியிருக்கிறேன். பிரெஞ்சில் இதை ‘அணில்கூண்டு’ என்கிறார்கள். எதை வைத்துக்கொள்ளலாம்?

கதிரேசன்:
அணில்கூண்டு வேண்டாம். மின்பொறியியலில் தூண்டல் மோட்டாரின் சுழலிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு. ‘மிதி’யும் எனக்குச் சரியாகப் படவில்லை. மிதிவண்டிபோலக் கால் தசையால் உதைத்துத் தள்ளும் வேலை இது. ‘உதைசக்கரம்’ என்றால் பொருந்தும்.

சிவநேசன்:
கதிரேசன், அணில்கூண்டைப் பற்றிச் சொன்னது சரி. உதை என்பது பொருந்தாது. சக்கரத்தைச் சுற்றுவது நடப்பவரின் எடை, உதை அல்ல. அவர் அடிப்புள்ளியிலிருந்து சற்று முன்னே ஏறி நிற்கிறார், எடை சக்கரத்தைக் கீழே இழுக்கிறது, அவர் மறுபடி ஓர் அடி ஏறுகிறார்.

ஒரு கணக்குப் போடுவோம். சக்கரத்தின் விட்டம் 4 மீட்டர், கயிறு சுற்றும் அச்சின் விட்டம் 40 செ.மீ. 60 கிலோ ஆள் ஒருவர் சக்கர மையத்திலிருந்து கிடையாக 1 மீட்டர் முன்னே நிற்கிறார். அச்சின் ஆரம் 20 செ.மீ. என்பதால் 300 கிலோவைத் தாங்கலாம். இருவர் நடந்தால் 600. அச்சுத்தாங்கியின் உராய்வு இதில் நல்ல பங்கைத் தின்றுவிடும், ஆகவே 450க்கு மேல் நான் நம்பமாட்டேன்.

கயிற்றின் பருமனையும் மறக்கக்கூடாது. 4 செ.மீ. வடம் என்றால் இழுவை அச்சு மையத்திலிருந்து 22 செ.மீ. தள்ளி விழும், 300 கிலோ 270 சொச்சமாகிவிடும். வடம் தன்மேலேயே இரண்டாம் அடுக்காக ஏறினால் 26 செ.மீ. ஆகி, 230க்கு இறங்கும். அதனால் அச்சு நீளமாக இருக்கவேண்டும். 20 மீட்டர் உயரத்துக்குச் சுமார் பதினான்கரைச் சுற்று தேவை, சுற்றுகளை ஒன்றையடுத்து ஒன்றாக வைக்கக் கிட்டத்தட்ட 60 செ.மீ. இடம் வேண்டும். நடப்பவர் இதற்குள் சக்கரத்தினுள்ளே 180 மீட்டருக்கு மேல் நடந்திருப்பார்.

முத்துலட்சுமி:
எங்கள் பக்கம் ‘ஏற்றம் மிதிப்பது’ என்றுதான் சொல்வோம். கிணற்றுமேல் ஏற்றமரத்தில் ஆள் முன்னும் பின்னும் நடந்து, உடம்பின் எடையாலேயே தண்ணீர்ச் சாலைத் தூக்குவார். மிதி என்றாலே பெடல் என்று யார் சொன்னது? ‘மிதியேற்றம்’ என்றே வையுங்கள்.

சிவநேசன்:
மிதி என்ற சொல்லுக்கு இது நல்ல சான்று. ஆனால் ஏற்றமரம் துலாபோல ஏறி இறங்கும், ஒவ்வொரு முறையும் திரும்பி வரவேண்டும். இது ஒரே திசையில் தொடர்ந்து சுழலும். சக்கரம் என்ற சொல்லை விடமுடியாது.

அன்பரசு:
உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடும் கருவியையா சொல்கிறீர்கள்? அதற்கு ‘ஓடுபொறி’ போதுமே.

மலர்விழி:
இல்லை ஐயா, அதில் பாரம் எதுவும் ஏறாது. இது கட்டடம் கட்டும் கருவி. சிவநேசன் அவர்களே, ஒரு சந்தேகம். நடப்பவர் தடுக்கினால் கல் விழாதா? அதைப் பிடித்து நிறுத்தும் பல்லுக்கும் ஒரு சொல் வேண்டுமோ?

சிவநேசன்:
இடைக்காலச் சக்கரங்களில் பொதுவாக அப்படிப் பல்லும் இல்லை, தடுப்புக்கட்டையும் இல்லை. உராய்வு ஓரளவு பிடிக்கும், மீதி ஆளின் எடைதான். அவர் வழுக்கி அடிப்புள்ளிக்கு வந்துவிட்டால் எடை மையத்துக்கு நேர்கீழே போகும், பிடிமானம் பூஜ்யம். கல் இறங்கத் தொடங்க, சக்கரம் பின்னோக்கிச் சுழன்று அவரையும் புரட்டும். கல்லை இறக்கும்போதும் அவர் அதே பக்கம் நின்றபடி பின்னடி வைத்துத்தான் வரவேண்டும். பாரம் மிகுதி என்பதை முன்கூட்டியே அறியலாம்: சக்கரம் அசையாமல், ஆள் மட்டும் மேலே மேலே ஏறிக்கொண்டே போவார். அந்த இடத்தில் நிறுத்திக் கல்லை இறக்கவேண்டும்.

கதிரேசன்:
எடை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ‘உதை’யைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் ‘நடைசக்கரம்’ இன்னும் தெளிவு. முழுக் கருவிக்கு ‘பளுதூக்கி’ வேண்டாம், விளையாட்டு வீரர் நினைவுக்கு வருகிறார். ‘பாரந்தூக்கி’ நன்று.

மலர்விழி:
கேன்டர்பரியில் நீட்டுக்கை எதுவும் இல்லை, சக்கரமும் அச்சும் வடமும்தான். எனவே அங்கே ‘மிதிசக்கரம்’ மட்டும், கையோடு கூடியதற்கு ‘மிதிசக்கரப் பாரந்தூக்கி’ என்று எழுதிக்கொள்கிறேன். நடைசக்கரத்தை வேறு யாராவது ஆதரித்தால் மறுபடி பேசலாம்.

இன்னொன்று பாக்கி. கல்லின் தலையில், அடியில் அகன்றும் வாயில் குறுகியும் ஒரு குழி வெட்டுவார்கள். சாய்ந்த இரும்புத் துண்டுகள் இரண்டை முதலில் இறக்கி, நடுவில் நேர்த்துண்டைச் செருகி, மூன்றையும் ஒரு வளையத்தில் கோத்துத் தூக்குவார்கள். இழுக்க இழுக்க இறுகும். இதற்கு என்ன பெயர்?

முத்துலட்சுமி:
‘ஆப்புக்கவ்வி’?

சிவநேசன்:
ஆப்பு அடித்து இறுக்குவது, இது தூக்கும்போது தானே இறுகுவது. கவ்வி சரி, முன்பாதியைத் தேடுவோம்.