[கலைச்சொல்] த்ரெட்: இழையா, திரியா, கிளையா?

கவிதா:
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். திங்கள் முதல் எல்லோரும் ஸ்லாக் என்ற அரட்டைச் செயலிக்கு மாறுகிறோம், அதற்கு ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில். சேனலுக்குத் 'தடம்' என்று போட்டுவிட்டேன், அதற்காக யாரும் சண்டைக்கு வராதீர்கள். சிக்கல், ஒரு சேதிக்குக் கீழேயே பதில்கள் தொடரும் த்ரெட்டில்தான். நான்கு பேர் இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தோம். #billing தடத்தில் ஒருவர் ஒரு பில்லின் தொகை சரியா என்று கேட்டார், அந்தச் சேதிக்குக் கீழேயே இருவர் பேசித் தொகையை மாற்றிவிட்டார்கள். கணக்குப் பார்ப்பவருக்கு ஒரு மணியும் அடிக்கவில்லை, பழைய தொகையோடு பில் போய்விட்டது. இத்தனைக்கும் அவர் அந்தத் தடத்தில்தான் இருக்கிறார்! பேச்சு பிரிந்து போகிறது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். 'கிளை' சரியாக வருமா?

பெருமாள்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது அம்மா? இழை. நன்னூல் பாயிரத்திலேயே நூலுக்கு நெசவு உவமை வருகிறது, சொல் பஞ்சு, பனுவல் இழை. தொல்காப்பியர் சொல்லும் எட்டு வனப்பில் ஒன்று இழைபு. நட்பாகப் பழகுவதையும் இழைதல் என்கிறோம், ஆக இழையில் பேச்சும் இருக்கிறது, உறவும் இருக்கிறது. பழைய இணைய மன்றங்களில் 'திரி' என்று வழங்கினார்கள். திரித்தல் முறுக்குதல்தான், மறுக்கவில்லை, ஆனால் பேச்சைத் திரிப்பது வேறு வேலையாயிற்றே. முப்புரியில் வரும் 'புரி'யையும் பார்க்கலாம், அதைத் தனி மடலில் எழுதுகிறேன். அப்புறம் தடம் என்றால் அடிச்சுவடு. சேனலுக்கு ஓடைதான் பொருத்தம்.

சாதிக்:
ஐயா, இழையை நாங்கள் நிரலாக்க வகுப்பில் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டோம். இரண்டு இழைகள் ஒரே மாறியை ஒரே நேரத்தில் மாற்றினால் கணக்கு தப்பும் என்று போன வாரம்தான் நடத்தினேன். கவிதா, உங்கள் பில் தப்பியதும் அப்படித்தானோ?

கவிதா:
இல்லை சார், மாற்றியது ஒரு முறைதான். அது ஒருவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

ரேவதி:
தடத்திலேயே @here போட்டிருந்தால் எல்லோருக்கும் போயிருக்குமே. சொல்லைப் பற்றிக் கேட்டால், த்ரெட் என்றே எழுதுங்கள். திங்கட்கிழமை யார் அகராதி புரட்டப் போகிறார்கள்?

இளங்கோ:
ரேவதி சொல்வது பாதி சரி. @here அந்த நேரத்தில் ஸ்லாக்கில் இருப்பவர்களுக்குத்தான் போகும், எழுந்து போனவருக்குப் போகாது. தடத்தில் உள்ள அனைவருக்கும் என்றால் @channel. ஆனால் ஒரு பில்லுக்காகப் பன்னிரண்டு பேரையும் எழுப்பினால் இரண்டே நாளில் எல்லோரும் மணியை அணைத்துவிடுவார்கள், அப்புறம் எதுவும் எட்டாது.

கவிதா, நடந்தது இதுதான். த்ரெட்டில் வரும் பதில், முதல் சேதியை எழுதியவர், அதில் பதில் போட்டவர்கள், பெயர் சுட்டப்பட்டவர்கள், தாங்களே விரும்பிப் பின்தொடர்பவர்கள் ஆகியோருக்குத்தான் தெரிவிக்கப்படும். உங்கள் கணக்கர் இதில் யாருமே இல்லை. தடத்தைத் திறந்து பார்த்திருந்தாலும் முதல் சேதிக்கு அடியில் 'இத்தனை பதில்கள்' என்று சின்னதாக ஒரு வரிதான் தெரிந்திருக்கும். பதில் எழுதும் பெட்டிக்குக் கீழே, தடத்துக்கும் சேர்த்து அனுப்பு என்று ஒரு கட்டம் உண்டு. தொகையோ தேதியோ மாறினால் அந்தக் கட்டத்தைத் தொட வேண்டும், செய்ய வேண்டியவர் பெயரை @ போட்டுச் சுட்ட வேண்டும். உங்கள் குறிப்பில் இந்த இரண்டும் இருந்தால் போதும்.

கிளை வேண்டாம். கிளையிலிருந்து கிளை வெடிக்கும், இங்கே த்ரெட்டுக்குள் இன்னொரு த்ரெட் கிடையாது. பெருமாள் ஐயா, ஓடைக்கு ஒரு தகவல்: ஸ்லாக் போன்ற இன்னொரு செயலியான ஜூலிப்பில் சேனலைப் பல வருடம் ஸ்ட்ரீம் என்றுதான் வைத்திருந்தார்கள், 2024இல் சேனல் என்று மாற்றிக்கொண்டார்கள்.

பெருமாள்:
அவர்கள் ஓடையை விட்டால் நாமும் விட வேண்டுமா? சரி, இழைக்கு உங்கள் வாக்கு உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

இளங்கோ:
உண்டு, அரை மனதோடு. இழை என்றால் நீளமாகப் போகிறது என்று மட்டும்தான் தெரிகிறது, ஒரு சேதியில் தொங்குகிறது என்பது தெரியவில்லை. 'தொடுப்பு' என்று யோசித்தேன், அதை லிங்க்குக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

கவிதா:
'இழை' என்றே போட்டுவிட்டேன், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'பதில் இழை'. அதன் கீழே இளங்கோ அண்ணா சொன்ன இரண்டு விதிகள். இன்னொன்று, நோட்டிபிகேஷனுக்கு 'அறிவிப்பு' என்று எழுதியிருந்தேன், ஆனால் விடுமுறை, கூட்டம் சொல்கிற தடத்துக்கும் அறிவிப்புகள் என்றுதான் பெயர். 'அறிவிப்புகளை அணைக்கலாம்' என்ற வரியைப் படித்த ஒருவர் அந்தத் தடத்தையே விட்டு வெளியேறிவிட்டார். இப்போதைக்கு 'மணி' என்று மாற்றியிருக்கிறேன்.

சாதிக்:
மணி என்றால் நேரம் இல்லையா? 'மாலை 6 மணிக்கு மேல் மணி அடிக்காது' என்று எழுதுவீர்களா?

கவிதா:
அப்படியேதான் எழுதியிருக்கிறேன்.

பெருமாள்:
புரி பற்றிய மடல் நாளை வரும்.