விண்ணப்பப் படத்தில் நரையைக் கறுப்பாக்கலாமா?

வேலை விண்ணப்பத்துக்கான முகப்படத்தில் திருத்தத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நிற்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அடுத்த வாரம் காணொளி நேர்காணல்.

கைநீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிந்ததால், ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் நண்பரை எடுக்கச் சொன்னேன். அந்தக் குறை தீர்ந்தது. பிறகு ஒரு செயலியின் ‘அழகூட்டு’ வசதியைப் பயன்படுத்தியபோது, பருவுடன் இடப்புருவத்தின் மேலுள்ள பழைய தழும்பும் மறைந்தது. காதோர நரையும் கறுத்துவிட்டது. அளவை 20 விழுக்காடாகக் குறைத்ததும் தழும்பு திரும்பியது. ஆனாலும் ஏதோ உறுத்தவே, மூலப்படத்தின் மேல் திருத்திய படத்தைப் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பார்த்தேன்: கண்களும் காதுகளும் அச்சாகப் பொருந்தின, தாடை மட்டும் இருபுறமும் உள்ளே ஒடுங்கியிருந்தது. அந்தப் படத்தைக் கைவிட்டு, மூலப்படத்தில் வெளிச்சத்தையும் நிறத்தையும் கையால் சரிசெய்து, இரண்டு வாரத்தில் தானே மறையும் பருவை மட்டும் நீக்கினேன். தழும்பையும் தாடையையும் தொடவில்லை, ஏனெனில் நேர்காணலில் அவை தெரியத்தான் செய்யும்.

நரைதான் மிச்சம். நான் சாயம் பூசுவதில்லை, பூசும் எண்ணமும் இல்லை. ஆளெடுப்புப் பணியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: படத்தில் கறுத்த முடியோடும் நேர்காணலில் நரையோடும் ஒருவர் வந்தால், அதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்வீர்களா?