பாடநூல் எழுதப் போனவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள், தலைமை ஆசிரியர் ஆனவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

இடைநிலை ஆசிரியை, விழுப்புரம் பக்கம்

2006-ல் பணியில் சேர்ந்தேன். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது ஒன்றிய அளவில் கருத்தாளர். அடுத்து மாவட்டக் கருத்தாளர், அப்புறம் ஆசிரியர் கையேடு எழுத சென்னைக்கு அழைப்பு. மூன்றாம் வகுப்புக் கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல் என் பங்குக்கு வந்தது.

52-லிருந்து 27. பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுங்கள் என்று எழுதினேன். எழுதும் அறையில் நாங்களே செய்து பார்த்தோம், பத்து நிமிடத்தில் முடிந்தது. அச்சாகி வந்த கையேட்டோடு என் வகுப்பில் நின்றபோதுதான் தெரிந்தது. 24 பிள்ளைகள், 1,200 குச்சிக்கு மேல். ரப்பர் பேண்டைக் கழற்றவே நேரம் போனது, பாதி அறுந்துவிட்டது. மலர் நிலைப் பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா இருக்க, அரும்பு நிலைப் பிள்ளைகள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நோட்டைப் பார்த்தால் பலரும் 35 என்று எழுதியிருந்தார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டார்கள். குச்சி கையில் இருந்தும், கட்டைப் பிரிக்க வேண்டிய இடம் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் நான்கு பேருக்கு ஒரு குச்சித் தொகுப்பு மட்டும் கொடுத்தேன். "ஏழு குச்சி எடு" என்றேன். இரண்டுதான் இருந்தது. "டீச்சர், கட்டை அவுக்கலாமா?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் பாடமே. திருத்தக் கூட்டத்தில் இதைச் சொல்லி மாற்றினோம்.

இப்போது மறுபடி எழுதக் கூப்பிடுகிறார்கள். போனால் பதவி உயர்வுக்கு ஏதாவது கணக்கில் வருமா?

பட்டதாரி ஆசிரியர், சேலம்

கண்டிப்பாக வரும் மேடம். கருத்தாளராக இருந்தவர்களைத்தான் வட்டார வள மையத்தில் ஆசிரியப் பயிற்றுநராகப் போடுவார்கள், அங்கிருந்து நேராக டயட் விரிவுரையாளர். நல்ல வழி, விடாதீர்கள்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

தம்பி சொல்வதில் பாதிதான் சரி. வள மையத்துக்கும் டயட்டுக்கும் போனால் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைக்கும், உண்மை. ஆனால் ஆசிரியப் பயிற்றுநர் பட்டதாரி ஆசிரியர் நிலைப் பணியிடம். இடைநிலை ஆசிரியை கருத்தாளர் அனுபவத்தை மட்டும் காட்டி அங்கே போக முடியாது. டயட் விரிவுரையாளருக்குக் கல்வித்தகுதி தனி, ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக நேரடி நியமனமும் உண்டு.

அம்மா, கையேடு எழுதுவது மாற்றுப்பணி. பதவி உயர்வுப் பேனல் பணிமூப்பையும் தகுதியையும்தான் பார்க்கும், நீங்கள் எழுதிய பக்கத்தைப் பார்க்காது. நீங்கள் இப்போது பார்க்க வேண்டியது வேறு. 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஓய்வுக்கு 5 ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதாமல் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டும் என்றால் தேர்ச்சி பெற்றாக வேண்டும். மற்றவர்களுக்கு 2 ஆண்டு அவகாசம். நீங்கள் 2006 நியமனம், தேர்வு எழுதியிருக்க மாட்டீர்கள். மாலை நேரத்தைக் கையேட்டுக்குக் கொடுப்பதா, முதல் தாளுக்குப் படிப்பதா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆசிரியை, தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளி, கோவை

எங்கள் பள்ளியில் பேனல் எதுவும் கிடையாது. போன வருடம் என்னை கோஆர்டினேட்டர் ஆக்கினார்கள். வாரம் 28 பீரியட் இருந்தது 14 ஆனது, மீதி நேரம் மற்றவர்களின் பாடத்திட்டக் குறிப்பைச் சரிபார்க்கிறேன். சம்பளம் கொஞ்சம்தான் கூடியது. பிள்ளைகள் என்னிடம் சந்தேகம் கேட்டு வருவது நின்றுவிட்டது, அது பெரிய வருத்தம். நீங்கள் அரசுப் பள்ளி என்பதால் இது பொருந்துமா தெரியவில்லை.

தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை, சிவகங்கை

நான் பதவி உயர்வை ஏற்றுக்கொண்டு வந்தவள். ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியை ஆனாலும் 1, 2, 3 வகுப்புகள் என்னிடம்தான். காலை உணவு, மதிய உணவு, எமிஸ் பதிவு எல்லாம் முடித்துக் கரும்பலகைக்கு வரும்போது மணி பத்தரை ஆகிவிடும். நீங்கள் சொன்ன குச்சிப் பாடத்தை இங்கே நடத்தினேன், திருத்தியதைத்தான். ஒரே அறையில் மூன்று வகுப்பு இருக்கும்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று கையேட்டில் இல்லை. அடுத்த முறை அதைச் சேர்க்க முடியுமா?

இடைநிலை ஆசிரியை, விழுப்புரம் பக்கம்

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. எனக்கு இன்னும் 11 ஆண்டு இருக்கிறது, அதனால் தேர்வைத் தள்ளிப்போட முடியாது. விண்ணப்பிக்கிறேன். எழுதவும் ஒரு கட்டத்துக்கு மட்டும் வருகிறேன் என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன், விடுவார்களா தெரியாது.

சிவகங்கை டீச்சர், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாள் பார்த்து எழுதி அனுப்புங்கள். கட்டு கட்டும் வேலையை அவர்களிடம் கொடுத்தால் பத்துப் பத்தாக எண்ணவும் பழகுவார்கள் என்று தோன்றுகிறது. என் பள்ளியில் திங்கட்கிழமை செய்து பார்க்கிறேன்.