[கலைச்சொல்] வாடகை வீட்டைக் காட்டும் ‘வாக்த்ரூ’ வீடியோ: தமிழில் என்ன?

இரா. (கோவை) எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். வீட்டுத் தரகர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வாசலில் தொடங்கி அறை அறையாக நடந்து, பேசிக்கொண்டே எடுக்கும் வீடியோவுக்கு ஒரு சொல் தேவை. ‘நடைக்காணொளி’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தரகர், இது நடைப்பயிற்சி பற்றிய பாடமா என்று கேட்டார்.

ந.கு. (தஞ்சாவூர்) எழுதியது:
‘வீட்டுலா’ இருக்கும்போது கவலை எதற்கு அம்மா? உலாவுதல், உலா, உலாத்தல் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை.

கோ. (சிங்கப்பூர்) எழுதியது:
புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். உலா இலக்கியத்தில் தலைவன் நகர்வான். ஏழு பருவ மகளிர் நின்று பார்ப்பார்கள். இங்கே வீடு நிற்கிறது, பார்ப்பவர் நகர்கிறார். முற்றிலும் தலைகீழ்! ‘மனைவலம்’ என்கிறேன். கையேடும் கடிகார முள்ளின் திசையில்தானே சுற்றச் சொல்கிறது? மற்றபடி போனை ஆடாமல் தாங்கும் கிம்பல் கைப்பிடி வாங்கிவிட்டால் பட ஆட்டம் என்ற பேச்சே இல்லை.

செ. (சென்னை) எழுதியது:
இப்படி வீடியோ எடுக்கும் வேலையை நான் செய்து வருகிறேன். கோயிலை வலம் வரும்போது சந்நிதி வலக்கைப் பக்கம் இருக்கும். அறைக்குள் அதே திசையில் சுற்றினால், காட்ட வேண்டிய சுவர் இடக்கைப் பக்கம் வரும். எந்தக் கையானாலும் சரி, தொடங்கிய கையை நடுவில் மாற்றக் கூடாது.

அண்மையில் எடுத்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். கதவைத் திறந்தால் கூடம். இடப்பக்கம் சமையலறை, அதன் பின்னால் துணி துவைக்கும் இடம். எதிரே பெரிய படுக்கையறை, வலப்பக்கம் சின்ன அறை. சிக்கல் துவைக்கும் இடத்தில்தான். உள்ளே போய் வந்த வழியே திரும்பினால் சமையலறை இரண்டு முறை தெரியும். பார்ப்பவர் அதை வேறோர் அறையாகக் கணக்கிடுவார். அதனால் பின்கதவில் நின்றபடியே துவைக்கும் இடத்தைக் காட்டிவிட்டு அங்கேயே வெட்டினேன். அடுத்த துண்டு கூடத்து ஜன்னலைக் காட்டித் தொடங்கியது. முன்பே பார்த்த ஜன்னல் என்பதால் தாம் நிற்கும் இடம் அவருக்குப் புரியும்.

கோ. அவர்களே, கிம்பல் கை சாய்வதையும் திரும்புவதையும் சரிசெய்யும். காலடிக்குக் காலடி உடம்பு ஏறி இறங்குவது அப்படியே பதிவாகும். முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி நடந்தால்தான் அது அடங்கும். கிம்பல் இல்லாதவர் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரு கைகளாலும் போனைப் பிடிக்கலாம். வீடு முழுவதும் விளக்கைப் போட்ட பிறகு எடுங்கள். இருட்டறையில் போன் தானாகச் செய்யும் ஆட்டத்திருத்தம் சரியாக வேலை செய்யாது, நகரும்போது படம் மங்கிவிடும்.

வ. (மதுரை) எழுதியது:
என் மகனுக்கு இப்படி ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் வீடு பிடித்தோம். படத்தில் பரந்து கிடந்த அறையில் கட்டிலைப் போட்டால் அலமாரியைத் திறக்க முடியவில்லை. இந்த ஏமாற்றுக்கும் ஒரு தமிழ்ச் சொல் கண்டுபிடியுங்கள்.

செ. எழுதியது:
அம்மா, அது பெரும்பாலும் போனில் உள்ள 0.5x அகலக்கோண லென்ஸின் வேலை. ஆட்டம் குறைவாகத் தெரியும் என்று பலர் அதை வைக்கிறார்கள். ஆனால் அறை நீண்டு தெரியும், ஓரத்தில் கதவுச் சட்டம் சாயும். 1x போதும், அறையின் மூலையில் முதுகை வைத்து நின்று மெல்லத் திருப்ப வேண்டும். பேச்சிலும் அளவு வர வேண்டும். நிலைப்படியில் நின்று முதலில் அறையின் பெயர், நுழைந்ததும் ‘10 அடிக்கு 11 அடி’, கடைசியில் கண்ணுக்குத் தெரியாதவை: தண்ணீர் எந்த நேரம் வரும், ஜன்னல் எந்தத் திசை. வாடகையையும் முன்பணத்தையும் வாசலிலேயே சொல்லிவிடுவேன். சில தரகர்கள் அவற்றைக் கடைசிக்கு வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வீட்டைப் பார்க்காத ஒருவரிடம் வீடியோவைக் காட்டி, தாளில் வரைபடம் போடச் சொல்லுங்கள். சமையலறை இடம் மாறி விழுந்தால் வழியைத் திரும்பத் திட்டமிட வேண்டும்.

ந.கு. எழுதியது:
செ. சொல்வதைக் கேட்ட பின் உலாவைக் கைவிடுகிறேன். முன்பே போய்வந்தவன் பின்னால் வருபவனுக்கு வழியையும் வழியில் எதிர்ப்படுவனவற்றையும் வரிசையாகச் சொன்னால் அதற்குப் பெயர் ஆற்றுப்படை! ஆறு என்றால் வழி. ‘மனையாற்றுப்படை’.

கோ. எழுதியது:
ஐயா, தரகர் அதை ஆற்றங்கரை மனை என்று படிப்பார்.

இரா. எழுதியது:
இன்று வியாழன். நான்கு பேர் தனி மடலில் ‘சுற்றிக்காட்டும் காணொளி’ போதும் என்றார்கள்; அதையே எழுதிவிட்டேன். செ. சொன்ன வரைபடச் சோதனையை அடிக்குறிப்பாகச் சேர்க்கப் பதிப்பாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

ந.கு. எழுதியது:
அது தொடர், சொல் அன்று. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘காணொளி’யே வினைத்தொகையா என்பதைத் தனி இழையில் எடுத்துக்கொள்கிறேன்.