எங்களுக்குக் கரிக்கிற ரசம் அத்தைக்குச் சப்பென்று இருக்கிறது

பசுண்டாங் மருமகள்

ரங்கூனில் இருக்கிறோம். அத்தைக்கு 76 வயது. பிரஷருக்கு எனலாப்ரில், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கால் எரிச்சலுக்கு ராத்திரியில் அமிட்ரிப்டிலின். கொஞ்ச காலமாகவே எதை வைத்தாலும் "உப்பே போடலையா?" என்கிறார். ரசத்தில் உப்பு, மொஹிங்காவில் மேற்கொண்டு மீன்சாறு, டீயில் டின் பால் போதாமல் சர்க்கரை. நாங்கள் ஒரு வாய் வைத்தால் கரிக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். டப்பாவை எடுத்து வைத்துவிட்டால் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே ஒதுக்கி வைக்கிறார். ஆள் மெலிந்துகொண்டே வருகிறார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனதா? எப்படிச் சமாளித்தீர்கள்?

பெகு அண்ணாச்சி

வயசானால் நாக்கில் இருக்கிற சுவை மொட்டுகள் செத்துப்போகும்மா, திரும்ப முளைக்காது. நுனியில் இனிப்பு, ஓரத்தில் உப்பு, பின்னால் கசப்பு என்று இடம் இடமாக இருக்கும். ஓரம் போனால் உப்பு தெரியாது. எங்கள் அப்பாவுக்கு மேல் பல்செட் போட்டதிலிருந்தே இந்தக் கதைதான். கழற்றி வைத்தால் ருசி தெரிகிறது என்பார், ஆனால் மெல்ல முடியாது.

மோல்மீன் நர்ஸம்மா

வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அண்ணாச்சி சொன்ன பல்செட் விஷயம் உண்மை. மேல் அண்ணத்திலும் சுவை மொட்டுகள் உண்டு, செட் அதை மூடிவிடும். ஆனால் நாக்கில் இடம் பிரித்துச் சுவை கிடையாது. எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். மொட்டில் உள்ள செல்களும் ஒரேயடியாகச் சாவதில்லை. பத்து நாள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழையது போய்ப் புதியது வரும். வயதாக ஆக அந்த வேலை மந்தமாகிறது, மொட்டுகளும் குறைகின்றன. உப்பும் புளிப்பும் தெரிவது பெரும்பாலும் கூடுதலாக மங்கும். இனிப்பு அவ்வளவாக மங்காது.

ஆனால் நாக்கை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மணம். மெல்லும்போது வாய்க்குள்ளிருந்து தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிற மணம். வயதில் மூக்கு நாக்கைவிட வேகமாக மங்குகிறது, அது நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. ரசத்தில் சீரகமும் கொத்தமல்லியும் மணக்கவில்லை என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ குறைகிறது, கைக்கு எட்டுவது உப்பு, அதைப் போட்டுக்கொள்கிறார்கள். சர்க்கரையும் அப்படித்தான். மற்றதெல்லாம் மங்கலாகிவிட்ட வாயில் இனிப்புதான் தெளிவாகத் தெரிகிறது, அதை நோக்கிப் போகிறார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். அத்தை கண்ணை மூடி, மூக்கையும் பிடித்துக்கொள்ளட்டும். ஏலக்காய் தட்டிப்போட்ட வெல்லம் கடுகளவு வாயில் வையுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். கொஞ்சம் கரைந்ததும் மூக்கை விடச் சொல்லுங்கள். மூக்கு நன்றாக இருந்தால் அந்த நொடியே ஏலக்காய் மணம் குபீரென்று ஏறும். ஒன்றும் ஏறவில்லை என்றால் குறை நாக்கில் இல்லை. அப்புறம் வாயைத் திறந்து பாருங்கள். எச்சில் இருக்கிறதா, வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? சர்க்கரைக்காரர்களுக்கு வாயில் பூஞ்சை வந்தாலும் ருசி கெடும்.

தட்டோன் குமாரு

எனக்கு வயது 40தான், எனக்கும் ருசி இல்லாமல் போனது. லாரி ஓட்டுகிறேன், நாள் முழுக்க வாயில் கூன்யா. சுண்ணாம்பில் நாக்கு வெந்து காரம்கூடத் தெரியாமல் இருந்தது. விட்டபிறகு சில வாரத்தில் குழம்பு ருசி திரும்பி வந்தது. அத்தை வெற்றிலை போடுவார்களா?

மோல்மீன் நர்ஸம்மா

குமாரு தம்பி, விட்டது நல்லது. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு, ஆறாத புண் எதுவும் இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ரங்கூன் சமையல் சரோஜா

சர்க்கரைக்குப் பாகற்காய் ஜூஸ் கொடுங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் அளவு இறங்கும் என்று சொல்கிறார்கள்.

பசுண்டாங் மருமகள்

சரோஜாக்கா, அளவைப் பற்றிக் கேட்கவில்லை. ருசி தெரியாமல் போவதைப் பற்றித்தான் கேட்டேன்.

வெல்லம் வைத்துப் பார்த்தோம். நானும் கூடவே செய்தேன். மூக்கை விட்டதும் எனக்கு ஏலக்காய் மணம் அப்படியே ஏறியது. அத்தை "இனிக்குது, அவ்வளவுதான்" என்றார். எரிவாயு அடுப்பை யாரோ மூட மறந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் சொல்லாதது இப்போதுதான் புரிகிறது. வாயும் காய்ந்துதான் இருக்கிறது. பிஸ்கட் தொண்டையில் ஒட்டுகிறது என்பார், ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பார். வெற்றிலை கிடையாது.

மோல்மீன் நர்ஸம்மா

வாய் காய்வது அந்த ராத்திரி மாத்திரையால் இருக்கலாம். அமிட்ரிப்டிலின் எச்சிலைக் குறைக்கும். உப்பு எச்சிலில் கரைந்தால்தான் மொட்டுக்குப் போய்ச் சேரும். மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் இரும்பு மாதிரி ஒரு சுவையை விடும், எனலாப்ரிலும் அபூர்வமாக ருசியைக் கெடுக்கும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் டாக்டர் முன்னால் வைத்து, வாய் காய்கிறது, எடை குறைகிறது என்று இரண்டையும் சொல்லுங்கள். எடை குறைவதுதான் எனக்கு அதிகக் கவலை. மூக்கு மங்கியிருப்பதையும் சொல்லுங்கள். திடீரென்று போயிருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். சிலருக்கு அது நரம்பு நோயின் முதல் அடையாளமாகவும் இருக்கும்.

சமையலில் ஒரு வழி. கொதிக்கும்போது உப்பைப் பாதியாக்குங்கள். பரிமாறிய பிறகு ஒரு சிட்டிகை மேலே தூவுங்கள். குழம்புக்குள் கரைந்த உப்பைவிட மேலே இருப்பது நாக்கில் நேராகப் படும், குறைவாகவே போதும். மிளகு, இஞ்சி, எலுமிச்சை தாராளமாகப் போடலாம். காரத்தின் சுரீரென்ற உணர்வு மணத்தை நம்பி இல்லை. மீன்சாறு விஷயத்தில் கவனம். ஒரு மேசைக்கரண்டியில் அரை டீஸ்பூனுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்தே 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு, அதற்குள் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு.

இன்சேன் தாத்தா

பிள்ளைகளே, எனக்கு 81. நர்ஸம்மா சொன்னது எனக்குப் பொருந்துகிறது. உப்புக் குறைவு என்றுதான் வாயில் வருகிறது, எது குறைகிறது என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தனியாகத் தட்டை வைத்துவிட்டுப் போனால் இன்னும் இறங்காது. உப்பு டப்பாவை ஒளிக்காதீர்கள், அது மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது.

பெகு அண்ணாச்சி

கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதை வாங்கிக் கொடுத்தால் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாமே?

மோல்மீன் நர்ஸம்மா

அதில் பாதியோ கொஞ்சமோ பொட்டாசியம் உப்பு. எனலாப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் தங்கும். சிறுநீரகமும் மங்கியிருந்தால் இதயத்துக்கே ஆபத்து. ரத்தம் பார்த்து டாக்டர் சொன்னால் மட்டும்தான்.

பசுண்டாங் மருமகள்

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். ராத்திரி மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார். வாய் காய்வது முன்னைக்கு இப்போது தேவலை. ரசத்தை இறக்கும்போது மிளகையும் இஞ்சியையும் இடித்துப் போட்டு, மேலே உப்பைத் தூவிக் கொடுக்கிறேன், கிண்ணம் காலியாகிறது. மொஹிங்காவுக்கு எலுமிச்சையைக் கூடப் பிழிந்தால் மீன்சாறு கேட்பதில்லை. மூக்குக்கு இன்னும் சோதனை பாக்கி. டீச் சர்க்கரை மட்டும் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. நான் குறைத்துக் கலந்தால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுகிறார். உங்கள் வீட்டில் யாராவது அதைக் குறைத்திருந்தால் எப்படி என்று எழுதுங்கள்.