வாட்ஸ்அப்பில் கேக் ஆர்டர் எடுப்பவர்களே, தேதியை எப்படிக் கையாளுகிறீர்கள்?

வீட்டிலேயே பேக்கரி நடத்துகிறேன். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டாயிற்று. சாக்லேட் கேக் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று தனித்தனிப் பொருளாகவே சேர்த்தேன். அதுவரை சரி.

சிக்கல் கார்ட்டில்தான். வாடிக்கையாளர் கார்ட்டை அனுப்பும்போது பொருளும் எண்ணிக்கையும் வருகின்றன. எந்தத் தேதிக்கு, கேக்கில் என்ன பெயர், முட்டை போடலாமா என்பது வராது. அனுப்பியதுமே ஆர்டர் உறுதியாகிவிட்டதாக அவர் நினைத்துக்கொள்கிறார். போன சனிக்கிழமை அப்படித்தான் ஆனது. ஒரு நாளைக்கு மூன்று கேக்குக்கு மேல் என் ஓவன் தாங்காது. நான்காவதாகக் கார்ட் அனுப்பியவருக்கு நான் பதில் போடவே இல்லை, அவரோ மாலை வாசலில் வந்து நின்றார். பிள்ளையின் பிறந்தநாள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது கார்ட் வந்ததும் அனுப்ப ஒரு விரைவுப் பதில் வைத்திருக்கிறேன். "/" தட்டினால் வரும். தேதி, நேரம், பெயர், முட்டை நான்கையும் கேட்டுவிட்டு, "முன்பணம் வந்த பிறகே ஆர்டர் உறுதி" என்று முடியும். பணம் வந்ததும் அந்த உரையாடலுக்கு லேபிள் போடுகிறேன்.

ஆனால் லேபிளில் தேதி இல்லையே! "வெள்ளி", "சனி" என்று கிழமைவாரியாக லேபிள் வைத்து, சனியில் மூன்று சேர்ந்ததும் நிறுத்தலாமா? அடுத்த வாரச் சனிக்கான ஆர்டரும் அதிலேயே கலந்துவிடாதா? அப்புறம், நாள் நிரம்பியதும் கேக்குகளைக் கேட்டலாக்கில் மறைத்தால் மற்ற நாளுக்குக் கேட்பவருக்கும் தெரியாமல் போகிறது. நீங்கள் இதற்குத் தனியாக நோட்டுப் போடுகிறீர்களா? செய்துபார்த்தவர்கள் சொல்லுங்கள்.